கடுகா, ரவையா? கைபேசிப் படம் சுவர்ப் படமாகும் கணக்கு

எங்கள் பெரியப்பாவின் சதாபிஷேகத்துக்கு ஒரே புகைப்படத்தை இரண்டு அளவில் அச்சடித்தோம். பெரியப்பாவும் பெரியம்மாவும் திண்ணையில் உட்கார்ந்திருக்க, அண்ணன் மகன் தன் கைபேசியில் எடுத்த படம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்ததை அப்படியே சேமித்துக் கடைக்கு அனுப்பினேன். வாசலுக்கு எட்டடி அகலம், ஆறடி உயரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ். கூடத்துச் சுவருக்கு 36 அங்குல அகலம், 24 அங்குல உயரத்தில் ஃப்ரேம் போட்ட படம்.

ஃப்ளெக்ஸை எதிர் வீட்டு வாசலிலிருந்து பார்த்தவர்கள் எல்லாரும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். கூடத்துப் படத்தின் முன்னால் நின்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மாவின் மூக்குத்தி ஒரு வெள்ளைத் திட்டாகக் கிடந்தது. பெரியப்பாவின் கண்ணாடி விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிந்தன. எட்டடியில் தெளிவாக இருந்த படம், அதில் பாதி அகலம்கூட இல்லாத மூன்றடியில் ஏன் மங்கியது? பெரிதாக்கினால் மங்கும் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்?

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் பிக்சல் கணக்கும் டிபிஐ கணக்கும் எனக்குப் புரிந்தன. கைபேசியில் எடுத்த படத்தைச் சுவரில் மாட்ட நினைக்கிற எவரும் போடக்கூடிய கணக்கு அது. ஒரு வகுத்தல், ஓர் அளவு நாடா, சோதனைக்கு ஒரு சின்ன அச்சு. இவை போதும்.

படம் என்பது எண்ணி வைத்த மணிகள்

கைபேசிப் படம் என்பது வரிசை வரிசையாக அடுக்கிய நிற மணிகள். ஒவ்வொரு மணிக்கும் ஒரே ஒரு நிறம். அந்த மணிதான் பிக்சல். பெரும்பாலான கைபேசிகள் வழக்கமாகச் சேமிப்பது 12 மெகாபிக்சல் படம். நீளவாக்கில் 4000 மணிகள், குறுக்குவாக்கில் 3000 மணிகள், பெருக்கினால் 120 லட்சம். கேமராவில் 50 மெகாபிக்சல் என்று எழுதியிருந்தாலும், நாம் எதையும் மாற்றாதவரை பல கைபேசிகள் நான்கு மணிகளைச் சேர்த்து ஒன்றாக்கி, 12 மெகாபிக்சல் அளவில்தான் சேமிக்கின்றன.

இந்த மணிகளுக்குச் சொந்தமாக நீள அகலம் கிடையாது. எத்தனை அங்குலத்தில் பரப்புகிறோமோ, அதைப் பொறுத்து மணி பெருக்கும் அல்லது சிறுக்கும். ஓர் அங்குலத்தில் எத்தனை மணிகள் விழுகின்றன என்பதுதான் அச்சடர்த்தி. கடைகளில் இதைத்தான் டிபிஐ என்கிறார்கள். கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் போதும்: நீளப் பக்கத்தின் பிக்சல் எண்ணிக்கையை அச்சின் நீளத்தால், அங்குலத்தில், வகுக்க வேண்டும்.

நான் கடைக்கு அனுப்பிய படத்தை இப்படி வகுத்துப் பார்த்தேன். வாட்ஸ்அப் அதைச் சுருக்கி 1600 பிக்சல் அகலம், 1200 பிக்சல் உயரமாக்கி இருந்தது. எட்டடி ஃப்ளெக்ஸ் என்றால் 96 அங்குலம். 1600ஐ 96ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 17 மணிகள். ஒவ்வொரு மணியும் ஒன்றரை மில்லிமீட்டர், ஒரு சின்னக் கடுகளவு. கூடத்துப் படத்தில் 1600ஐ 36ஆல் வகுத்தால் 44. அங்கே ஒவ்வொரு மணியும் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், ஒரு ரவையளவு.

ஆகக் கூடத்துப் படம்தான் நுணுக்கமான அச்சு. ஆனாலும் கடுகு கண்ணை உறுத்தவில்லை, ரவை உறுத்தியது. காரணம் அச்சில் இல்லை, பார்த்தவர்கள் நின்ற இடத்தில் இருந்தது.

கண் எத்தனை சிறியதைப் பிரிக்கும்?

கண் மருத்துவமனைச் சுவரில் எழுத்துப் பலகை மாட்டியிருப்பதைப் பார்த்திருப்போம். நெதர்லாந்தைச் சேர்ந்த கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் வெளியிட்ட முறை அது. ஆறு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, நல்ல பார்வைக்கு உரிய வரியைப் படித்துவிட்டால் 6/6 என்று எழுதிக் கொடுப்பார்கள். அந்த வரியில் ஒவ்வோர் எழுத்தின் கோடும் ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் தடிமன். ஆறு மீட்டரில் அது கண்ணில் ஏற்படுத்தும் கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. நல்ல கண் பிரித்தறியக்கூடிய நுணுக்கத்துக்கு இதையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

ஆறு மீட்டர் என்பது ஏறத்தாழ இருபதடி, எங்கள் தெருவின் அகலம். அங்கிருந்து பார்க்கும் கண்ணுக்கு ஒன்றே முக்கால் மில்லிமீட்டருக்குக் குறைந்தவை தனித்தனியாகத் தெரியாமல் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஃப்ளெக்ஸின் கடுகு ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதனால் கலந்தது, படம் தெளிவாகத் தெரிந்தது. கூடத்துப் படத்தை மூன்றடியில் நின்று பார்த்தார்கள். மூன்றடியில் கண்ணின் எல்லை கால் மில்லிமீட்டரை ஒட்டியது. ரவை அதைப்போல் இரண்டு மடங்கு. அதனால் தெரிந்துவிட்டது.

இதையே அடர்த்தியாக மாற்றிச் சொன்னால் நினைவில் வைக்க எளிது. படத்துக்கும் கண்ணுக்கும் இடையிலான தூரத்தை அங்குலத்தில் அளந்து, அதைக் கொண்டு 3438ஐ வகுக்க வேண்டும். கிடைப்பதுதான் தேவையான அடர்த்தி. இந்த எண் அந்தக் கோணக் கணக்கிலிருந்து வருவது, எல்லாத் தூரத்துக்கும் மாறாதது.

கையில் பிடித்துப் பார்க்கும் ஆல்பம் ஓரடி தூரம் என்று வைத்தால் 3438ஐ 12ஆல் வகுக்க, 286 வருகிறது. இரண்டடிக்கு 143. மூன்றடிக்கு 95. ஆறடிக்கு 48. இருபதடிக்கு 14 போதும். எங்கள் ஃப்ளெக்ஸுக்கு 14 தேவை, 17 இருந்தது. கூடத்துப் படத்துக்கு 95 தேவை, 44தான் இருந்தது.

அளவு பெருகும்போது பார்க்கும் தூரமும் அதே விகிதத்தில் கூடினால், தேவையான பிக்சல் எண்ணிக்கை மாறவே மாறாது. ஆப்பிள் நிறுவனம் 2015இல் ஐபோன் 6இல் எடுத்த படங்களைப் பல ஊர்களில் சாலையோர விளம்பரப் பலகைகளாக வைத்தது. அந்தக் கைபேசியின் கேமரா வெறும் 8 மெகாபிக்சல். சாலையில் போகிறவர் பலகையிலிருந்து பல அடி தள்ளித்தான் போகிறார் என்பதால் அது போதுமானதாக இருந்தது.

வீட்டுக் கூடத்தில் இந்தச் சலுகை கிடைக்காது. குடும்பப் படத்தை யாரும் தூர நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவதில்லை. கிட்டே போவார்கள், முகத்தை உற்றுப் பார்ப்பார்கள், "இது அந்தப் பச்சைப் புடவைதானே?" என்று கேட்பார்கள். அதனால் தூரத்தை அளக்கும்போது சோபாவிலிருந்து அளந்து பயனில்லை. யாரும் நெருங்கி நிற்கக்கூடிய இடம் எதுவோ, அங்கிருந்து அளக்க வேண்டும். படத்துக்குக் கீழே மேசையோ திவானோ இருந்தால் அது ஆட்களை இரண்டு மூன்றடி தள்ளியே நிறுத்தும். நடைபாதைச் சுவர் என்றால் ஓரடியிலேயே முகம் வந்துவிடும். ஒரே படத்துக்கு இந்த இரண்டு சுவர்களும் இரண்டு வேறு அளவுகளைக் கேட்கும்.

அந்த 300 எங்கிருந்து வந்தது?

அச்சுக்கடையில் இருந்த தம்பியிடம் படம் மங்கியதைச் சொன்னபோது, அவர் கணினியில் திறந்து பார்த்துவிட்டு, "சார், இது 72 டிபிஐதான். 300 இருந்தாத்தான் பிரிண்ட் நல்லா வரும்" என்றார். படத்தில் மணிகள் போதவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் சொன்ன 72க்கும் அதற்கும் தொடர்பில்லை.

300 என்பது வழவழப்புத் தாளில் அச்சாகும் பத்திரிகைகளிலிருந்து வந்த எண். ஆஃப்செட் அச்சில் நிறத்தை நுண்ணிய புள்ளி வரிசைகளாக உடைத்து அச்சடிப்பார்கள். ஒரு பத்திரிகைப் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்தப் புள்ளிகள் தெரியும். அங்குலத்துக்கு 150 வரிசைகள் என்பது அங்கே வழக்கமான அளவு. ஒரு வரிசைக்கு இரண்டு பிக்சல் இருந்தால் நல்லது என்று வைத்துக்கொண்டார்கள், 300 ஆயிற்று. ஓரடி தூரத்தில் கண் கேட்கும் 286க்கும் அது பக்கத்தில் இருப்பதால், கையில் பிடித்துப் படிக்கும் எதற்கும் 300 பொருத்தமான எண். சுவரில் மாட்டும் மூன்றடிப் படத்துக்கு அதே எண்ணைக் கேட்பது மூன்று மடங்கு கூடுதலாகக் கேட்பது. 36க்கு 24 அங்குலத்தில் 300 வேண்டுமென்றால் 10800க்கு 7200 பிக்சல் வேண்டும். 12 மெகாபிக்சல் படத்தில் அது எங்கே கிடைக்கும்?

72 என்ற எண்ணின் கதை வேறு. படக்கோப்புக்குள் இத்தனை பிக்சல் அகலம், இத்தனை பிக்சல் உயரம் என்பதோடு அங்குலத்துக்கு இத்தனை என்று ஒரு குறிப்பும் இருக்கும். பல கைபேசிகள் அங்கே 72 என்று எழுதிவைக்கின்றன. அது பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு போல. சீட்டை மாற்றினால் உள்ளே இருக்கும் மணிகள் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. 4000 பிக்சல் அகலப் படத்தில் 72 என்று எழுதினால் கணினி அதை 55 அங்குலப் படம் என்று காட்டும். 300 என்று எழுதினால் 13 அங்குலப் படம் என்று காட்டும். இரண்டும் ஒரே படம்.

சீட்டை மாற்றுவதில் ஆபத்தில்லை. மணிகளையே மாற்றிவிடுவதில்தான் ஆபத்து. ஃபோட்டோஷாப்பில் Image Size என்ற பெட்டியில் Resample என்று ஒரு தேர்வு இருக்கும். அதிலுள்ள குறியை எடுத்துவிட்டு அடர்த்தியை மாற்றினால் சீட்டு மட்டும் மாறும். குறி இருக்கும்போது மாற்றினால் மென்பொருள் மணிகளைக் கூட்டும் அல்லது கழிக்கும். ஜிம்ப் மென்பொருளில் இதை இரண்டாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். Print Size என்பது சீட்டை மட்டும் மாற்றும், Scale Image என்பது மணிகளை மாற்றும். குறி இருக்கும்போது 36 அங்குலம், 72 டிபிஐ என்று கொடுத்தால் 4000 பிக்சல் படம் 2592 பிக்சலாகச் சுருங்கிவிடும். அப்படியே சேமித்துவிட்டால் போன மணிகள் திரும்பி வராது.

குழப்பத்தைக் கூட்டுவது போல, அச்சு இயந்திரத்திலும் 720, 1440 என்று டிபிஐ எழுதியிருக்கும். அது இயந்திரம் அங்குலத்துக்கு எத்தனை மைத்துளிகளைத் தெளிக்கும் என்பதன் கணக்கு. சில வகை மைகளைக் கொண்டே ஆயிரக்கணக்கான நிறங்களைக் காட்ட வேண்டியிருப்பதால், படத்தின் ஒரு மணியை நிரப்பப் பல துளிகள் போகும். 1440 இயந்திரத்துக்கு 1440 அடர்த்தியுள்ள படம் தேவையில்லை.

ஒரிஜினல் கிடைத்த பிறகு

அண்ணன் மகனிடம் ஒரிஜினல் படத்தைக் கேட்டு வாங்கினேன். அவன் கைபேசியில் அது 4000க்கு 3000 பிக்சல். கூகுள் ஃபோட்டோஸில் படத்தைத் திறந்து மேல்நோக்கித் தள்ளினால் இந்த எண்கள் தெரியும். ஐபோனிலும் அப்படியே. கணினியில் கோப்பின் Properties பகுதியில் Details என்ற இடத்தில் இருக்கும்.

முதலில் வடிவத்தைப் பொருத்த வேண்டியிருந்தது. கைபேசிப் படம் நான்குக்கு மூன்று என்ற விகிதம். 36க்கு 24 என்பது மூன்றுக்கு இரண்டு. 4000 அகலத்தை அப்படியே வைத்தால் உயரம் 2667 பிக்சலாக வெட்டுப்படும், 333 வரிசைகள் போகும். எந்தப் பக்கம் வெட்டுவது என்பதைக் கடையில் விடாமல் நாங்களே முடிவு செய்தோம். மேலே திண்ணை ஓட்டின் விளிம்பு இருந்தது, அதை வெட்டினோம். கீழே பெரியம்மாவின் கால் விரல்கள் இருந்தன, தொடவில்லை. ஃப்ரேமின் மரச்சட்டம் நாலு பக்கமும் அரை அங்குலம் வரை படத்தை மூடும் என்பதால், விளிம்பை ஒட்டி முக்கியமான எதுவும் வராமல் பார்த்துக்கொண்டோம்.

4000ஐ 36ஆல் வகுத்தால் 111. 3438ஐ 111ஆல் வகுத்தால் 31 அங்குலம். இரண்டரை அடிக்கு மேல் தள்ளி நின்று பார்க்கிற எவருக்கும் மணி தெரியாது, அதற்கும் உள்ளே போய் உற்றுப் பார்த்தால் சற்று மென்மையாகத் தெரியும் என்பது கணக்கு. கூடத்தில் அந்தச் சுவருக்குக் கீழே இரண்டடி அகல அலமாரி இருக்கிறது. அதன் முன்னால் நிற்பவரின் முகம் எப்படியும் இரண்டரை அடி தள்ளித்தான் இருக்கும். ஆக 36 அங்குலம் இந்தப் படத்தின் எல்லைக்குள் இருந்தது. அதற்கு மேல் போனால் எல்லை தாண்டும்.

அதே படத்திலிருந்து பெரியம்மாவை மட்டும் தனியாக வெட்டி எடுத்து இன்னொரு ஃப்ரேம் போடலாமா என்று அக்கா கேட்டாள். அவர் மட்டும் இருக்கும் பகுதி ஏறத்தாழ 1200க்கு 1600 பிக்சல். அதை 36 அங்குலமாக்கினால் மறுபடி 44, பழைய ரவைக் கதைதான். 12க்கு 16 அங்குலமாகப் போட்டால் அங்குலத்துக்கு 100. அந்த அளவைத்தான் போட்டோம். வெட்டிய பிறகு மிஞ்சியிருக்கும் பிக்சல்தான் கணக்குக்கு உரியது. குழுப் படத்திலிருந்து ஒருவர் முகத்தைப் பிய்த்துப் பெரிதாக்கும்போது பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

பத்துக்கணக்கான ரூபாயில் ஒரு சோதனை

கணக்கு சரியாக வந்தாலும் படம் சரியாக வரும் என்ற உறுதி இல்லை. பிக்சல் எண்ணிக்கை சில நேரம் பொய் சொல்லும். கைபேசியில் இரண்டு விரல்களால் விரித்து ஜூம் செய்து எடுத்த படத்தைப் பாருங்கள். தனியாக ஜூம் லென்ஸ் இல்லாத கைபேசியில், நடுப்பகுதியை மட்டும் எடுத்து ஊதிப் பெரிதாக்கி, மறுபடி 4000க்கு 3000 என்றே சேமிப்பது உண்டு. இரண்டு மடங்கு ஜூம் என்றால் அதில் உண்மையான மணிகள் கால்பங்குதான் இருக்கக்கூடும். மங்கிய விளக்கொளியில் எடுத்த படத்தில் கைபேசி இரைச்சலைத் துடைக்கும்போது முடி, தோல், புடவை நெசவு எல்லாவற்றையும் சேர்த்து மெழுகிவிடும். அழகு முறையில் எடுத்த செல்ஃபியிலும் அப்படித்தான். கைபேசித் திரையில் இவை தெரியாது, மூன்றடி அச்சில் முகம் மெழுகு பொம்மையாக நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க நான் செய்த சோதனை எளிது. 36க்கு 24 அங்குலப் படம், நாம் ஸ்டூடியோவில் சாதாரணமாகப் போடும் 6க்கு 4 அங்குலப் படத்தைப்போல் இரு பக்கமும் சரியாக ஆறு மடங்கு. ஆகவே பெரிய படத்தின் ஆறில் ஒரு பங்கு அகலத்தையும் ஆறில் ஒரு பங்கு உயரத்தையும் வெட்டி எடுத்து, அதை 6க்கு 4 அளவில் அச்சடித்தால், பெரிய படத்தின் ஒரு துண்டு நிஜ அளவில் கையில் வந்துவிடும். 4000க்கு 2667இல் ஆறில் ஒரு பங்கு 667க்கு 444 பிக்சல். பெரியப்பாவின் ஒரு கண்ணும் கண்ணாடிச் சட்டமும் வரும்படி ஒரு துண்டு, பெரியம்மாவின் மூக்குத்தி வரும்படி இன்னொன்று. முதலில் ஏமாந்த வாட்ஸ்அப் படத்திலிருந்தும் அதே இடத்தை, 267க்கு 178 பிக்சலாக, வெட்டிக்கொண்டேன். சின்ன அளவு அச்சு என்பதால் செலவு பத்துக்கணக்கில்தான்.

மூன்றையும் சுவரில், படம் மாட்டும் உயரத்தில் ஒட்டிவிட்டு அலமாரிக்கு முன்னால் நின்று பார்த்தோம். வாட்ஸ்அப் துண்டில் கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றி அந்தக் கட்டங்கள் அப்படியே இருந்தன. ஜேபெக் முறையில் படத்தைச் சுருக்கும்போது எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சதுரங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறார்கள். அளவுக்கு மீறிச் சுருக்கினால் சதுரங்களின் ஓரம் வெளியே தெரியும். அங்குலத்துக்கு 44 என்ற அடர்த்தியில் அப்படி ஒரு சதுரம் நாலரை மில்லிமீட்டர். ரவை கண்ணுக்குத் தப்பினாலும் அது தப்பாது. ஒரிஜினல் துண்டில் மூக்குத்திக் கற்கள் தனித்தனியாகத் தெரிந்தன. இமை முடிகள் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தன. அது எங்களுக்குப் போதும் என்று முடிவு செய்தோம்.

இந்தத் துண்டில் திருப்தி இல்லையென்றால் செய்யக்கூடியது அளவைக் குறைப்பதுதான். 30க்கு 20 ஆக்கினால் அதே படம் அங்குலத்துக்கு 133 ஆகும். மென்பொருளில் பிக்சலைக் கூட்டினால் தெளிவு கூடுமே என்று தோன்றலாம். பக்கத்து மணிகளின் நிறத்தைப் பார்த்து இடையில் புது மணிகளை அது நிரப்பும். அதனால் விளிம்புகளில் படிக்கட்டு போலத் தெரிவது குறையும். ஆனால் எடுக்கும்போது பதியாத இமை முடி அங்கே முளைக்காது. அந்த நிரப்பலை அச்சுக்கடை மென்பொருளே அச்சின்போது செய்துகொள்ளும். நாம் ஒரு முறை, கடையில் ஒரு முறை என்று இரண்டு தடவை செய்தால் படம்தான் இன்னும் மென்மையாகும். ஒரிஜினலை விகிதத்துக்கு வெட்டி, வேறெதுவும் செய்யாமல் கொடுப்பது நல்லது.

கடைக்குப் போய்ச் சேரும் வழி

எங்கள் முதல் படம் கெட்டது அச்சிலும் இல்லை, கேமராவிலும் இல்லை. வழியில்தான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படுகிறது. அதே வாட்ஸ்அப்பில் இணைப்புக் குறியைத் தொட்டு, Document என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். கூகுள் டிரைவ் இணைப்பாகவோ, கேபிளில் பென்டிரைவுக்கு மாற்றியோ கொடுக்கலாம். கடையில் திறந்ததும் பிக்சல் எண்ணிக்கையை மறுபடி பார்த்துவிட வேண்டும். 4000 என்று புறப்பட்டது 4000 என்றே போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஒரு நொடி போதும்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது எல்லாவற்றிலும் மோசம். 1080 பிக்சல் அகலமுள்ள திரையில், நெட்டுக்குத்தாகப் பிடித்த கைபேசியில், ஒரு அகலப் படம் 1080க்கு 810 அளவில்தான் தெரியும். எடுத்த 120 லட்சம் மணிகளில் ஒன்பது லட்சத்துக்குள் மிஞ்சும்.

படத்தின் மேல் பெயரோ தேதியோ எழுதுவதாக இருந்தால் அதற்குத் தனிக் கவனம் வேண்டும். தோலும் துணியும் நிறம் மெல்ல மாறும் பரப்புகள், மணி கொஞ்சம் பெரிதானாலும் கண் மன்னிக்கும். எழுத்து கறுப்பும் வெள்ளையும் சட்டென்று மோதும் விளிம்பு, அங்கே மன்னிப்பே இல்லை. கைபேசிச் செயலியில் படத்தின் மேல் எழுதிச் சேமித்தால் எழுத்தும் படத்தோடு சேர்ந்து மணிகளாகிவிடும். பெரிதாக்கும்போது தமிழெழுத்தின் சுழிகளில் படிக்கட்டு விழும், புள்ளிகள் சதுரமாகும். படத்தை எழுத்தில்லாமல் கொடுத்து, பெயரைக் கடையில் கோரல்டிராவில் எழுத்தாகவே அடிக்கச் சொன்னால், எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் எழுத்தின் ஓரம் கத்தியாக நிற்கும். அங்கே எழுத்து மணிகளாக இல்லாமல் கோடுகளின் கணக்காக இருக்கிறது.

இனி எடுக்கப்போகும் படம் சுவருக்கு என்று முன்பே தெரிந்தால் வேலை இன்னும் எளிது. பகல் வெளிச்சத்தில், ஜூம் இல்லாமல், பின்பக்க முதன்மைக் கேமராவில், முகத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்து எடுக்க வேண்டும். கைபேசியில் 50 மெகாபிக்சல் முறை இருந்தால் நல்ல வெளிச்சத்தில் அதைப் போட்டுக்கொள்ளலாம். 8160க்கு 6120 போன்ற அளவில் படம் கிடைக்கும். 36 அங்குலத்தில் அது அங்குலத்துக்கு 226 என்று எண் சொல்லும். உண்மையான நுணுக்கம் அந்த அளவுக்கு இரட்டிப்பாகாது என்றாலும், 12 மெகாபிக்சலைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். எவ்வளவு கூடுதல் என்பதை அந்த 6க்கு 4 துண்டே காட்டிக் கொடுத்துவிடும்.

இரண்டாவது முறை கடைக்குப் போனபோது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்: அச்சு 36க்கு 24 அங்குலம், படம் 4000க்கு 2667 பிக்சல், வெட்டுவதோ மாற்றுவதோ வேண்டாம். தம்பி படித்துவிட்டு, "300 இல்லையே சார்" என்றார். சோதனைத் துண்டைக் காட்டி, மூன்றடி தள்ளிச் சுவரோரம் பிடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது போதும்" என்றார். இப்போது கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். அலமாரிக்கு முன்னால் நின்று பார்த்தால் பெரியம்மாவின் மூக்குத்தியில் எத்தனை கற்கள் என்று எண்ணலாம்.